யாருடைய ‘இன்று’? – வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பும் நேரம்

மின்னஞ்சல் எழுதும் பயிற்சியில் மாணவர்கள் அடிக்கடி எழுதும் வாக்கியம் ஒன்று: “இன்று நாம் கொண்டாடும் தீபாவளித் திருநாளில் உங்களுக்கு என் இனிய வாழ்த்துகள்.” இலக்கணப் பிழை எதுவும் இல்லை. தோழிக்கோ பக்கத்து வீட்டு மாமாவுக்கோ அனுப்பினால் மிகச் சரி. ஆனால் இதே வாக்கியத்தை இங்கிலாந்தில் இருக்கும் ஒரு குஜராத்தி வாடிக்கையாளருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘இன்று’, ‘நாம்’ என்ற இரண்டு சொற்களுமே பொய்யாகிவிடலாம். நமக்கு இன்று தீபாவளி, அவருக்கு நாளைதான். நாம் காலையில் அனுப்புகிறோம். அவர் ஊரில் அப்போது முந்தைய நாள் நள்ளிரவு கூட ஆகியிருக்காது.

வேலையிடச் சூழலை வைத்து மின்னஞ்சல் எழுதச் சொல்லும்போது இந்த நுணுக்கம் மாணவர்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களுடைய எழுத்தில் ‘எழுதுபவர்’ மட்டும் இல்லாமல் ‘படிப்பவரும்’ தெரிவார். ஆகவே ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொண்டு, தேதி, மணி, சொல் என்ற மூன்று படிகளில் பார்ப்போம்.

சூழல்

சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று, கடைகளுக்கான துணிப்பைகளைத் தயாரித்து ஏற்றுமதி செய்கிறது. அதன் வாடிக்கையாளர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் சேலைக் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர். லெஸ்டரில் குஜராத்திகள் பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். 1972-இல் இடி அமின் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றியபோது அங்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் அவர்களில் பல. பெல்கிரேவ் சாலையில் சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் இனிப்புக் கடைகளும் வரிசையாக இருக்கும். நம்ம தேக்காவைப் போலவே தீபாவளிக்கு அந்தச் சாலையிலும் விளக்கு அலங்காரம் உண்டு.

ஆண்டு 2018 என்று வைத்துக்கொள்வோம். பழைய ஆண்டாக இருந்தாலும் பாடத்திற்கு இதுதான் வசதி. ஏனென்றால், அந்த ஆண்டு சிங்கப்பூர், மலேசியா, தமிழ்நாடு மூன்றிலும் தீபாவளி நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. வட இந்தியாவிலும் குஜராத்திலும் நவம்பர் 7, புதன்கிழமை.

முதல் படி: அவருடைய தேதி எது?

“ஒரே தீபாவளி எப்படி டீச்சர் ரெண்டு நாளில் வரும்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். பதில் எளிது: இரண்டு பேரும் கொண்டாடுவது ஒரே திதியை அல்ல.

நமக்குத் தீபாவளி என்பது விடியற்காலை எண்ணெய்க் குளியல். விடியும் நேரத்தில் தேய்பிறைச் சதுர்த்தசி இருக்க வேண்டும். அதனால்தான் அதை நரக சதுர்த்தசி என்கிறோம். குஜராத்திகளுக்கும் வட இந்தியர்களுக்கும் தீபாவளி என்பது சூரியன் மறைந்தபின் செய்யும் லட்சுமி பூஜை. அந்த நேரத்தில் அமாவாசை இருக்க வேண்டும். சதுர்த்தசி முடிந்தவுடன் வருவது அமாவாசை.

திதி நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதில்லை. ஒரு திதியின் நீளம் ஏறத்தாழ 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை மாறும். நாளின் எந்த வேளையிலும் தொடங்கும். விடியற்காலை சதுர்த்தசி இருந்து, அன்று மாலைக்குள் அமாவாசை தொடங்கிவிட்டால் இருவருக்கும் ஒரே தேதி. 2018-இல் அப்படி நடக்கவில்லை. நவம்பர் 6 அன்று இந்திய நேரப்படி இரவு பத்தரை மணி வாக்கில்தான் சதுர்த்தசி முடிந்தது. ஆகவே அன்று மாலை விளக்கேற்றும் நேரத்தில் அமாவாசை இல்லை. அவர்கள் மறுநாள் மாலையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இது என்றோ ஒரு முறை நடக்கும் விஷயம் இல்லை. 2014 முதல் 2018 வரை ஐந்து ஆண்டுகளும் நமக்கு ஒரு நாள் முன்னால், அவர்களுக்கு ஒரு நாள் பின்னால் வந்தது. பிறகு 2019 முதல் 2022 வரை ஒரே நாளில் வந்தது. சில ஆண்டுகள் சேர்ந்து வந்ததைப் பார்த்துப் பழகியவர்கள்தான் அடுத்த முறை ஏமாறுகிறார்கள். “போன வருஷம் சரியா இருந்துச்சே!” என்பது இந்த விஷயத்தில் சான்று ஆகாது.

எனவே நம்முடைய மனிதவள அமைச்சு வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலைப் பார்த்து அவருடைய தேதியை முடிவு செய்யக்கூடாது. அது நம் ஊர் தேதி. இந்திய நாட்காட்டியைப் பார்த்தால் போதுமா? அதுவும் பாதிதான். புலம்பெயர்ந்த ஊர்களில் சிலர் தாயகத்தில் அறிவித்த தேதியையே பின்பற்றுவார்கள்; சிலர் தம் ஊரில் சூரியன் மறையும் நேரத்தை வைத்துப் பஞ்சாங்கம் பார்ப்பார்கள். அமாவாசை உலகம் முழுவதும் ஒரே கணத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கணத்தில் அகமதாபாத்தில் இரவாகவும் லெஸ்டரில் பிற்பகலாகவும் இருக்கலாம். அதனால் ஒரே ஊரில் இரு வீடுகளுக்குள்ளேயே கூட நாள் மாறலாம்.

பெயரை வைத்து ஊகிப்பதும் ஆபத்து. லெஸ்டரில் இருக்கும் குஜராத்திகளில் முஸ்லிம்களும் கணிசமாக உண்டு. சமணர்களுக்குத் தீபாவளி என்பது மகாவீரர் முக்தி அடைந்த நாள். சீக்கியர்களுக்கு அதே நாளுக்கு வேறு வரலாறு. குடும்பப் பெயர் இதையெல்லாம் நமக்குச் சொல்லாது.

அப்படியானால் என்ன செய்வது? ஒரு மாதத்திற்கு முன்பே, வழக்கமான வியாபாரக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி கேட்டுவிடலாம்: “பண்டிகைக் காலத்தில் உங்கள் கடைக்கு எந்தெந்த நாள் முக்கியம் என்று தெரிவித்தால், அதற்கேற்ப எங்கள் அனுப்புகைகளைத் திட்டமிடுவோம்.” இது வியாபாரக் கேள்வியாகவே இருக்கிறது. மதத்தைக் கேட்கவில்லை, வாழ்த்து வரப்போகிறது என்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வரும் பதிலில் அவருடைய பண்டிகை, தேதி, அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் மூன்றும் கிடைத்துவிடும். நம் சூழலில் அவர் “தீவாளி புதன்கிழமை 7-ஆம் தேதி, மறுநாள் எங்கள் புத்தாண்டு” என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம்.

அந்த ‘மறுநாள் புத்தாண்டு’ முக்கியமான தகவல். குஜராத்திகளுக்குத் தீபாவளியை அடுத்துப் புதிய ஆண்டு பிறக்கிறது. ‘பெஸ்து வரஸ்’ என்பார்கள். தீபாவளி மாலையில் வணிகர்கள் புதிய கணக்குப் புத்தகத்தை வைத்துப் பூஜை செய்யும் வழக்கமும் உண்டு. அதற்குச் ‘சோப்டா பூஜன்’ என்று பெயர். வியாபாரிக்கு வாழ்த்து அனுப்பும் நமக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடைக்காது. ஆனால் இங்கேயும் ஒரு கவனம் வேண்டும். புத்தாண்டு எப்போதும் தீபாவளிக்கு மறுநாளே வருவதில்லை. 2022-இலும் 2025-இலும் நடுவில் ஒரு நாள் இடைவெளி விழுந்தது. அதையும் அவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

இரண்டாம் படி: அவருடைய மணி எது?

சிங்கப்பூரும் மலேசியாவும் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. இங்கிலாந்து அப்படி இல்லை. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு பின்னால் தள்ளுவார்கள். கோடையில் நாம் அவர்களைவிட 7 மணி நேரம் முன்னால். குளிர்காலத்தில் 8 மணி நேரம் முன்னால்.

தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை வருகிறது. அந்தக் காலத்தின் நடுவில்தான் இந்தக் கடிகார மாற்றமும் வருகிறது. அதனால் அதே பண்டிகைக்கு ஒரு வருடம் 7 மணி, இன்னொரு வருடம் 8 மணி. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. கடிகாரம் மாறியது அக்டோபர் 26. ஆகவே வித்தியாசம் 7 மணி. 2018-இல் கடிகாரம் அக்டோபர் 28 அன்றே மாறிவிட்டது. தீபாவளி அதற்குப் பின். ஆகவே 8 மணி.

ஒரு மணி நேரம் தவறினால் என்ன ஆகிவிடும்? காலை 9-க்குப் போக வேண்டியது 8-க்கோ 10-க்கோ போனால் ஒன்றும் ஆகாது. ஆனால் “சரியாக நள்ளிரவு 12-க்கு முதல் வாழ்த்து என்னுடையதாக இருக்கணும்” என்று நினைத்து அனுப்புகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் தேதியையே மாற்றிவிடும். 2018-இல் 7 மணி வித்தியாசம் என்று நினைத்துச் சிங்கப்பூர் காலை 7 மணிக்கு அனுப்பியிருந்தால், அங்கே முந்தைய நாள் இரவு 11 மணி. வாழ்த்து பண்டிகைக்கு முன்தினம் போய்ச் சேர்ந்திருக்கும். அது போகட்டும், வாடிக்கையாளரின் கைப்பேசியை நடு இரவில் ஒலிக்க வைப்பது நண்பர்களுக்குள் சரி. வியாபாரத்தில் சரி இல்லை.

எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, கைப்பேசியின் உலகக் கடிகாரத்தில் லண்டனைச் சேர்த்துக்கொள்வது நல்லது. லெஸ்டருக்கும் லண்டனுக்கும் ஒரே நேரம். நகரத்தின் பெயரைக் கொடுத்தால் கடிகார மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ‘GMT’ என்று கொடுத்தால் பார்த்துக்கொள்ளாது. கோடையில் இங்கிலாந்து GMT-இல் இருப்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போ நம் கணக்கைப் போடுவோம். 2018 நவம்பர் 7, புதன்கிழமை. இங்கிலாந்தில் தீபாவளி பொது விடுமுறை இல்லை. ஆகவே அவர் கடைக்கு வருவார். நவம்பர் தொடக்கத்தில் லெஸ்டரில் சூரியன் மாலை நாலே கால் வாக்கில் மறைந்துவிடும். அதன்பின் பூஜை, உறவினர்கள், விளக்குகள். சேலைக் கடை என்பதால் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள்தான் அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத நாட்கள். அப்போது அனுப்பும் வாழ்த்து கொள்முதல் கடிதங்களுக்கு நடுவே புதைந்துபோகும். மீதி இருப்பது தீபாவளி அன்று காலை, கடை திறக்கும் வேளை.

லெஸ்டர் காலை 9 மணி. எட்டைக் கூட்டினால் சிங்கப்பூர் மாலை 5 மணி. இரண்டு ஊரிலும் தேதி நவம்பர் 7.

இந்த ‘இரண்டு ஊரிலும் ஒரே தேதி’ என்பதை மாணவர்கள் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். 8 மணி வித்தியாசம் இருக்கும்போது, சிங்கப்பூரில் காலை 8-க்கு முன் எதை அனுப்பினாலும் அங்கே முந்தைய தேதி. காலை 8-லிருந்து நள்ளிரவு வரை இரண்டு இடத்திலும் ஒரே தேதி. நாள் குறிப்பிட்டு எழுதும் எந்தச் செய்தியையும் இந்த நேரத்துக்குள் அனுப்பினால் ‘நேற்று’, ‘இன்று’, ‘நாளை’ மூன்றும் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஒன்றாகவே இருக்கும். வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருந்தால் இந்த நேரம் சுருங்கும். அங்கே குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி. ஆகவே நம் பிற்பகல் 1 மணிக்குப் பிறகுதான் தேதி ஒன்றாகும். அவர்கள் கடிகாரத்தை மாற்றுவது நவம்பர் மாத முதல் ஞாயிறு என்பதால் அதுவும் தீபாவளிக் காலத்தில்தான் வருகிறது.

மாலை 5 மணிக்கு அனுப்ப யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஜிமெயிலில் `Schedule send` இருக்கிறது. அதில் நாம் குறிக்கும் மணி, நாம் இருக்கும் இடத்தின் மணி. பெறுபவரின் மணி அல்ல. அங்கே 9 என்று குறித்தால் நம்ம ஊர் 9 மணிக்கே போய்விடும். நாம் குறிக்க வேண்டியது மாலை 5:00.

மூன்றாம் படி: சொற்கள்

தமிழாசிரியர்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி. அசல் வாழ்த்து ஆங்கிலத்தில் போகலாம். ஆனால் என்ன சொல்லப் போகிறோம் என்பதை மாணவர்கள் தமிழில் யோசித்து எழுதிப் பார்க்கட்டும். ஏனென்றால் இந்தச் சிக்கலைத் தமிழ் மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் ‘நாம்’. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. அது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. “நேற்று நாம் தீபாவளி கொண்டாடினோம்” என்று எழுதினால், கொண்டாடாதவரையும் கொண்டாடியவராக்கிவிடுகிறோம். “நேற்று நாங்கள் கொண்டாடினோம்” என்பதே உண்மை. வகுப்பில் நாம், நாங்கள் வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க இதைவிட இயல்பான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது காலச் சொற்கள். கீழே உள்ள வாழ்த்தைப் பாருங்க:

“நேற்று சிங்கப்பூரில் நாங்கள் தீபாவளி கொண்டாடினோம். இன்று மாலை உங்கள் இல்லத்திலும் கடையிலும் விளக்குகள் ஏறும் வேளையில், புதிய கணக்குப் புத்தகம் நிறைவான ஆண்டைத் தொடங்கி வைக்கட்டும். நாளை பிறக்கும் உங்கள் புத்தாண்டுக்கும் எங்கள் வாழ்த்து.”

மூன்று வாக்கியம், மூன்று காலச் சொல். நவம்பர் 7 அன்று காலை 9 மணிக்குச் சேர்ந்தால் மூன்றுமே சரி. அதோடு, தேதி வேறு என்பது குறையாகத் தெரியாமல் மரியாதையாகத் தெரிகிறது. “உங்கள் நாள் எது என்று எனக்குத் தெரியும்” என்பதை அந்த ‘நேற்று’ சொல்லிவிடுகிறது. இதே செய்தி முந்தைய நாள் இரவு 11 மணிக்குச் சேர்ந்தால் மூன்று சொல்லுமே தவறு. வாழ்த்தின் நேரமும் வாழ்த்தின் சொல்லும் தனித்தனி விஷயங்கள் அல்ல என்பதற்கு இதுவே சான்று.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. மின்னஞ்சலை அவர் எப்போது திறப்பார் என்பது நம் கையில் இல்லை. மறுநாள் திறந்தால் ‘இன்று மாலை’ பழசாகிவிடும். உடனே பார்க்கும் வாட்ஸ்அப் செய்தியில் ‘இன்று’ என்று எழுதலாம். மின்னஞ்சலில் ‘புதன்கிழமை மாலை’, ‘வியாழக்கிழமை பிறக்கும் புத்தாண்டு’ என்று கிழமையைக் குறிப்பிடுவது பாதுகாப்பு. எப்போது திறந்தாலும் கிழமை மாறாது.

மூன்றாவது, கதை. நம் மாணவர்கள் தீபாவளி என்றதும் நரகாசுரனை அழைத்துவந்துவிடுவார்கள். அந்தக் கதை நம்முடைய சதுர்த்தசிக்கு உரியது. அவருடைய மாலை லட்சுமிக்கும் விளக்குக்கும் புதிய கணக்குக்கும் உரியது. அவர் ‘தீவாளி’ என்று எழுதியிருந்தால் வாழ்த்திலும் அதே பெயரைப் பயன்படுத்தலாம்.

பாக்கித் தொகை பற்றிய நினைவூட்டலை வாழ்த்தோடு சேர்க்க வேண்டாம். கணக்குப் புத்தகம் மாறும் நாள் என்பதால் அவரும் பழைய கணக்கை முடிக்க விரும்பலாம். அப்படியானால் அது ஒரு வாரம் முன்பே தனிக் கடிதமாகப் போகட்டும்.

மாதிரி மின்னஞ்சல்

சாதாரண நிலைத் தேர்வில் மின்னஞ்சல் எழுதும் மாணவர்களுக்கு இந்தச் சூழலை இப்படி மாற்றிக் கொடுக்கலாம்: “நீங்கள் பள்ளி விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் பகுதிநேர வேலை பார்த்தீர்கள். லெஸ்டர் வாடிக்கையாளருக்கு நாளைக் காலை தீபாவளி வாழ்த்து அனுப்பப்போவதாக உங்களுடன் வேலை செய்த அக்கா தெரிவித்துள்ளார். உங்கள் கருத்தை விளக்கி அவருக்கு மின்னஞ்சல் எழுதுக.” எழுதும் நாள் நவம்பர் 5 என்று கொள்க.

அன்புள்ள அக்கா,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? தீபாவளி வேலையெல்லாம் முடிந்ததா? லெஸ்டர் வாடிக்கையாளருக்கு நாளைக் காலை வாழ்த்து அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். அதை ஒரு நாள் தள்ளி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் அவர் எழுதிய கடிதத்தில், தம் குடும்பத்தினர் புதன்கிழமை, 7-ஆம் தேதிதான் கொண்டாடுவதாகக் குறிப்பிட்டிருந்தார். நாம் விடியற்காலைச் சதுர்த்தசியைப் பார்க்கிறோம். அவர்கள் மாலை அமாவாசையைப் பார்க்கிறார்கள். இந்த ஆண்டு இரண்டும் வேறு வேறு நாளில் வருகின்றன. மேலும், நாளை காலை 7 மணிக்கு நீங்கள் அனுப்பினால், அங்கே திங்கட்கிழமை இரவு 11 மணியாக இருக்கும். அவருடைய பண்டிகைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே நம் வாழ்த்து போய்விடும்.

புதன்கிழமை மாலை 5 மணிக்கு அனுப்பினால், அவர் கடை திறக்கும் காலை 9 மணிக்குச் சேரும். மறுநாள் அவர்களுக்குப் புத்தாண்டு என்பதால் அதற்கும் ஒரு வரி சேர்க்கலாம். ‘நாம் கொண்டாடும்’ என்பதற்குப் பதிலாக ‘நீங்கள் கொண்டாடும்’ என்று மாற்றினால் பொருத்தமாக இருக்கும்.

உங்கள் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன். வீட்டில் அனைவருக்கும் என் தீபாவளி வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
(பெயர்)

இதில் ஆசிரியர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். இரண்டாம் பத்தியில் “நாம் விடியற்காலைச் சதுர்த்தசியைப் பார்க்கிறோம்” என்று ‘நாம்’ வருகிறது. அது சரி. ஏனென்றால் இந்த மின்னஞ்சலைப் படிப்பவர் அக்கா. அவரும் அந்த ‘நாம்’-இல் சேர்ந்தவர். வாடிக்கையாளருக்கு எழுதும்போது அதே வாக்கியம் ‘நாங்கள்’ ஆகும்.

தவறியது எப்படித் தெரியும்?

பெரும்பாலான வாடிக்கையாளர்கள் “தேதி தவறு” என்று எழுத மாட்டார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் பதிலிலேயே தடயம் இருக்கும். “நாங்கள் நாளைக்குத்தான் கொண்டாடுகிறோம், இருந்தாலும் நன்றி” என்று வந்தால் நாள் தவறியது. தீபாவளி வாழ்த்துக்கு “சால் முபாரக்” என்று பதில் வந்தால், அது குஜராத்திப் புத்தாண்டு வாழ்த்து. நம் செய்தியை அவர் புத்தாண்டு நாளில் படித்திருக்கிறார், அல்லது அவருக்கு அந்த நாளே பெரிது. பதில் வந்த நாளையும் அவர் பயன்படுத்திய பெயரையும் வாடிக்கையாளர் கோப்பில் ஒரு வரியாகக் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டு கேள்வி பாதியாகக் குறையும். தேதியை மட்டும் மீண்டும் கேட்டால் போதும்.

நாள் தவறிவிட்டால், ‘தாமதமான தீபாவளி வாழ்த்து’ என்று அனுப்புவதைவிட, அவருடைய புத்தாண்டு நாளுக்கான வாழ்த்தாக மாற்றி அனுப்பலாம். குஜராத்தில் பல வணிகர்கள் புத்தாண்டு மாதத்தின் ஐந்தாம் நாளான ‘லாப் பஞ்சமி’ அன்றுதான் மீண்டும் வியாபாரத்தைத் தொடங்குவார்கள். அந்த நாள்வரை புத்தாண்டு வாழ்த்துக்கு இடம் உண்டு.

வகுப்புக்கு ஒரு பயிற்சி

2026-இல் சிங்கப்பூரிலும் வட இந்தியாவிலும் தீபாவளி ஒரே நாள்: நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நமக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இங்கிலாந்தில் அப்போது குளிர்கால நேரம். லெஸ்டர் வாடிக்கையாளரின் கணக்காளருக்கு, அலுவலக மின்னஞ்சல் முகவரி மட்டுமே தெரியும் நிலையில், வாழ்த்தை எப்போது அனுப்புவீர்கள்? என்ன காலச் சொல் எழுதுவீர்கள்?

தேதி ஒன்றாகிவிட்டதே என்று மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்று எழுதுவார்கள். ஆனால் ஞாயிறு அலுவலகம் மூடியிருக்கும். வாழ்த்து திங்கட்கிழமைதான் படிக்கப்படும். அப்போது ‘இன்று’ என்பது நேற்றாகிவிடும். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு, “வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கொண்டாடும் தீபாவளிக்கு” என்று எழுதி அனுப்புவது ஒரு நல்ல விடை. திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு, “நேற்றைய பண்டிகை இனிதாக அமைந்திருக்கும் என நம்புகிறோம்” என்று எழுதுவதும் ஏற்கத்தக்க விடையே. ஆனால் அன்று நமக்கு விடுமுறை என்பதால் அதை முன்கூட்டியே `Schedule send` செய்து வைக்க வேண்டும். இரண்டில் எதை எழுதினாலும், படிப்பவரின் நாளையும் மணியையும் காரணமாகக் காட்டிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.